தினம், வாரம், மாதம்: சாப்பாட்டுக் கடைக்காரர்கள் எந்த எண்ணை எப்போது பார்ப்பது?

சிங்கப்பூரில் தேக்காவிலும் சுற்றுவட்டாரத்திலும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். கடைக்குக் கடை சமையல் மாறுகிறது, கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அவற்றை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். கணக்கெல்லாம் ஒரே கற்பனைக் கடையை வைத்துத்தான்: நாற்பது இருக்கை, திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு 1,800 வெள்ளி, வெள்ளிக்கிழமை 2,000, சனிக்கிழமை 2,800, ஞாயிற்றுக்கிழமை 3,600. ஆக வாரத்துக்கு 15,600 வெள்ளி. உங்கள் கடை எண்களை அங்கே வைத்துப் பாருங்கள்.

பிஓஎஸ் மெஷின்லயே எல்லா ரிப்போர்ட்டும் வருதே, தனியா ஒரு பக்கம் எதுக்கு?

பிஓஎஸ்ஸுக்குத் தெரிந்தது விற்பனை மட்டும். எவ்வளவு ஆட்டிறைச்சி வாங்கினீர்கள், குளிர்பெட்டியில் எவ்வளவு மீதி, கல்லாவில் கையால் எண்ணிய பணம் எவ்வளவு, டெலிவரி நிறுவனம் கமிஷன் போக எவ்வளவு போட்டது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கடை நஷ்டப்படுவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

அப்புறம், பிஓஎஸ் ஐம்பது அறிக்கை கொடுக்கும். ஐம்பதையும் தினமும் பார்ப்பவர் யாரும் இல்லை. கூகுள் ஷீட்டில் ஒரு தாள் போதும். நாளுக்கு ஒரு வரி, கடை மூடியபின் ஒருவர் ஐந்து நிமிடத்தில் எழுதி முடிக்க வேண்டும். அதற்கு மேல் நேரம் பிடித்தால் இரண்டாம் வாரமே நின்றுவிடும்.

சரி, தினமும் எதை எதைப் பார்க்கணும்?

நான்கு. விற்பனை, பில் எண்ணிக்கை, கல்லா வித்தியாசம், ரத்து செய்த பில்கள்.

எதைத் தினப் பட்டியலில் சேர்ப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: இன்று விட்டால் நாளை கண்டுபிடிக்க முடியாதா? செவ்வாய் இரவு கல்லாவில் 40 வெள்ளி குறைந்ததை மாதக் கடைசியில் பார்த்தால், அன்று யார் நின்றார், என்ன நடந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. வாடகை அப்படியில்லை. அதைத் தினமும் உற்றுப் பார்த்தாலும் ஒரு காசு குறையப்போவதில்லை, அதனால் அது மாதப் பட்டியலுக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவை வாரத்துக்கு.

நேத்து 3,600 வெள்ளி, இன்னைக்கு 1,800 தான். பயமா இருக்கே?

நேற்று ஞாயிறு, இன்று திங்கள். தேக்காவில் இந்த இரண்டையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. செவ்வாயைச் செவ்வாயோடுதான் வைக்க வேண்டும், அதுவும் ஒரு செவ்வாயோடு அல்ல, முந்தைய நான்கு செவ்வாய்களின் சராசரியோடு. தாளில் A தேதி, B விற்பனை என்றால், 30ஆம் வரிக்கு இது:

```
=AVERAGE(B23,B16,B9,B2)
```

கடை மூடிய நாளுக்கும் ஒரு வரி இருக்க வேண்டும், ஆனால் விற்பனைக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். சுழியம் போட்டால் அதையும் சேர்த்துச் சராசரியைக் கீழே இழுத்துவிடும். வெற்றுக் கட்டத்தை அது கணக்கில் எடுக்காது.

அப்படி ஒப்பிட்டும் குறைஞ்சிருந்தா என்ன செய்றது?

பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் பில் எண்ணிக்கையைப் பாருங்கள். வழக்கமான செவ்வாய் 150 பில், ஒரு பில் சராசரி 12 வெள்ளி. இந்தச் செவ்வாய் விற்பனை 1,530 என்று வைத்துக்கொள்வோம். பில் 127 என்றால் சராசரி அதே 12 வெள்ளிதான், வந்தவர்களே குறைவு. மழையா, பக்கத்தில் சாலை வேலையா, புதுக் கடை திறந்திருக்கிறதா என்று வெளியே தேடுங்கள்.

பில் 148 இருந்து விற்பனை 1,530 என்றால் சராசரி 10 வெள்ளி 34 காசு. ஆள் வந்திருக்கிறார்கள், குறைவாக வாங்கியிருக்கிறார்கள். இப்போது சமையலறையில் தேடுங்கள். மட்டன் ஒரு மணிக்கே தீர்ந்திருக்கும், அல்லது ஜூஸ் போடும் பையன் வந்திருக்க மாட்டான். ஒரு நாள் சரிவுக்கு விலைப் பட்டியலை மாற்றக் கிளம்பாதீர்கள். அடுத்தடுத்த இரண்டு வாரம் அதே கிழமையில் இறங்கினால்தான் அது செய்தி.

கல்லாவுல மூணு வெள்ளி குறையுது. இதுக்குப் போய் பையனைக் கேக்கறதா?

கேட்க வேண்டாம், எழுதுங்கள். காலையில் சில்லறைக்கு வைத்தது 200, ரொக்க விற்பனை 640, காய்கறிக்காரருக்குக் கல்லாவிலிருந்து கொடுத்தது 35. இருக்க வேண்டியது 805. எண்ணியது 802 என்றால் –3 என்று குறியோடு எழுதுங்கள். கூடினால் + குறி. சில்லறை கொடுப்பதில் வரும் பிழை ஒரு நாள் கூட்டும், ஒரு நாள் குறைக்கும். இரண்டு வாரத்துக்கு எல்லாம் கழித்தலாகவே வந்தால், அல்லது ஒரே ஆள் நிற்கும் வேளையில் மட்டும் வந்தால், அப்போது பேசலாம்.

பேநவ், நெட்ஸ் பணத்தையும் இதே வரியில் சரிபாருங்கள். ஆனால் பேநவ்வை வங்கிச் செயலியில் வந்த வரவோடுதான் ஒப்பிட வேண்டும். வாடிக்கையாளர் கைபேசியில் காட்டும் படம் வரவு ஆகாது. பழைய படத்தையே மறுபடி காட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

கல்லா தினமும் சரியா இருக்கு. அப்புறம் ஏன் ரத்தான பில்லைப் பார்க்கணும்?

கல்லா சரியாக இருப்பதாலேயேதான். ஒருவர் 12 வெள்ளி ரொக்கம் கொடுத்துச் சாப்பிட்டுப் போகிறார். பத்து நிமிடம் கழித்து அந்த பில் ரத்தாகிறது, 12 வெள்ளி பைக்குப் போகிறது. பிஓஎஸ் கணக்கில் அந்த விற்பனையே இல்லை, எனவே கல்லா காசு பிசகாமல் ஒத்துப்போகும். முந்தைய பதிலில் சொன்ன வித்தியாசக் கட்டம் இதைக் காட்டவே காட்டாது.

பிஓஎஸ் அறிக்கையில் `Void` என்ற வரியில் எண்ணிக்கையும் தொகையும் இருக்கும். தவறாக அழுத்தியதால் வரும் ரத்து பெரும்பாலும் பில் போட்ட ஓரிரு நிமிடத்துக்குள் நடக்கும், உடனே சரியான பில் ஒன்றும் போடப்பட்டிருக்கும். ரொக்க பில் மட்டும், நேரம் கழித்து, மறு பில் இல்லாமல், ஒரே ஆளின் பெயரில் ரத்தாகிக்கொண்டிருந்தால் விசாரிக்க வேண்டியதுதான். அதற்கு ஒவ்வொருவருக்கும் தனி கடவு எண் இருக்க வேண்டும். பல கடைகளில் எல்லாரும் முதலாளி எண்ணிலேயே நுழைகிறார்கள், அப்புறம் யாரைக் கேட்பது?

வாரத்துக்கு ஒரே ஒரு எண் தான் பார்ப்பேன்னா எது?

உணவுச் செலவு விழுக்காடு. நூறு வெள்ளி விற்றால் அதில் எத்தனை வெள்ளி அரிசியாக, கறியாக, எண்ணெயாகப் போயிற்று என்பது. பெரும்பாலானோர் வாங்கிய பில்களைக் கூட்டி விற்பனையால் வகுக்கிறார்கள். அரிசியும் எண்ணெயும் மொத்தமாக இறங்கிய வாரம் 6,400 வாங்கியிருப்பார்கள், 41 விழுக்காடு வரும். அடுத்த வாரம் 4,000, வருவது 26. இரண்டுமே பொய்.

வாரத் தொடக்க இருப்பு, அதோடு வாங்கியது, அதிலிருந்து வாரக் கடைசி இருப்பைக் கழித்தால்தான் உண்மையில் பயன்பட்டது தெரியும். நம் கடையில் தொடக்க இருப்பு 2,100, வாங்கியது 5,400, கடைசி இருப்பு 1,900. பயன்பட்டது 5,600. அதை 15,600 ஆல் வகுத்தால் 35.9 விழுக்காடு. இந்தக் கடைக்கு வழக்கம் 33. விழுக்காட்டில் சின்னதாகத் தெரிகிறது, வெள்ளியில் வாரத்துக்குச் சுமார் 450.

இருப்பு எண்ணினா ராத்திரி ஒரு மணி ஆகுது. கடுகு, சீரகம் எல்லாம் எண்ணணுமா?

வேண்டாம். அதிகப் பணம் முடங்கும் பத்துப் பன்னிரண்டு பொருள் போதும்: ஆட்டிறைச்சி, கோழி, மீன், இறால், பாசுமதி, எண்ணெய், நெய், பால் என்று. மசாலாச் சாமான்களுக்கு ஒரு நிலையான தொகை வைத்துவிட்டு, மாதத்துக்கு ஒருமுறை முழுதாக எண்ணுங்கள். ஞாயிறு இரவு மூடியபின், அல்லது திங்கள் காலை சரக்கு இறங்குவதற்கு முன், எப்போதும் ஒரே நேரத்தில்.

ஒரு விஷயத்தில் கவனம். ஞாயிறு மாலை இறங்கிய சரக்கின் பில் திங்கட்கிழமைதான் கைக்கு வந்தது என்றால், சரக்கு இருப்பில் சேர்ந்துவிடும், வாங்கியதில் சேராது. இந்த வாரம் 30 காட்டும், அடுத்த வாரம் 36. எண் ஒரு வாரம் இறங்கி மறுவாரம் ஏறினால் சமையல்காரரைத் திட்டுவதற்கு முன் பில் தேதிகளைப் பாருங்கள்.

33 இருந்தது 36 ஆயிடுச்சு. காரணத்தை எப்படிப் பிடிக்கிறது?

முதலில் மேலே சொன்ன பில் தேதியும் எண்ணிக்கைப் பிழையும். அவை சரி என்றால் விலை. கடைசி இரண்டு மாத பில்களில் முக்கியமான ஐந்து பொருளின் கிலோ விலையை மட்டும் எடுத்து வையுங்கள். அடுத்தது தட்டு. பரிமாறத் தயாரான ஐந்து தட்டை எந்த அறிவிப்பும் இல்லாமல் எடுத்து, கறியைத் தனியாக நிறுத்துப் பாருங்கள். கடைசியாகக் குப்பைக்குப் போனது. சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டி, கொட்டியதை எழுதச் சொன்னால் அது கிடைக்கும்.

நம் கடையில் மட்டன் பிரியாணி வாரத்துக்கு 400 தட்டு. கறி கிலோ 16 வெள்ளியிலிருந்து 18 ஆகியிருக்கிறது. ஒரு தட்டுக்கு 150 கிராம், ஆக விலை ஏற்றத்தால் தட்டுக்கு 30 காசு, வாரத்துக்கு 120 வெள்ளி. நிறுத்துப் பார்த்தால் தட்டில் 180 கிராம் இருக்கிறது. புதிதாக வந்தவர் கரண்டியை நிரப்பி வைக்கிறார். கூடுதல் 30 கிராமுக்கு 54 காசு, வாரத்துக்கு 216 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 336. மீதி நூற்றுப் பத்துச் சொச்சம் குப்பையிலும் கணக்கில் வராத சாப்பாட்டிலும் இருக்கும். அதை முழுதாகத் துரத்த வேண்டியதில்லை.

விலை ஏறியது உங்கள் கையில் இல்லை, தட்டின் அளவு இருக்கிறது. இந்தக் கடையில் விலை ஏற்றத்தைக் காட்டிப் பிரியாணிக்கு 50 காசு கூட்டியிருந்தால், பெரிய ஓட்டை அப்படியே இருந்திருக்கும்.

டெலிவரி ஆர்டர் நிறைய வருது. அதையும் விற்பனையிலேயே சேர்த்துடலாமா?

கமிஷன் போகக் கைக்கு வந்த தொகையைச் சேருங்கள், தனி வரியில். கடையில் 9 வெள்ளிக்கு விற்கும் பிரியாணி செயலியில் 10.50 என்று வைப்போம். கமிஷன் 30 விழுக்காடு என்றால் 3.15, டப்பா 40 காசு, உணவுச் செலவு 3.30. நிற்பது 3.65. கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் நிற்பது 5.70. விலை கூடுதல், மிச்சம் குறைவு. உங்கள் ஒப்பந்தத்தில் விழுக்காடு வேறாக இருக்கலாம், சலுகை விளம்பரத்துக்குத் தனியாகவும் பிடிப்பார்கள். அதனால் வாரா வாரம் வங்கிக்கு வந்த தொகையையே எடுங்கள்.

காலியான நேரத்தில் வரும் டெலிவரி லாபம்தான், வாடகையும் சம்பளமும் எப்படியும் போகின்றன. ஞாயிறு மதியம் வரிசை வாசலில் நிற்கும்போது அதே ஆர்டர் 5.70ஐத் தள்ளிவிட்டு 3.65ஐ எடுக்கிறது. அந்த இரண்டு மணி நேரம் செயலியை நிறுத்தி வைக்கலாம்.

சம்பளச் செலவை வாரா வாரம் பார்க்க வேண்டாமா?

எல்லாரும் மாதச் சம்பளம் என்றால் வாரத்தில் அது அசையாது. பகுதிநேர ஆட்களின் மணிக்கணக்கை மட்டும் எழுதுங்கள், போதும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு வித்தா நஷ்டமில்ல? அதைப் பெருசா எழுதி ஒட்டலாம்னு நினைக்கிறேன்.

கணக்குப் போடலாம், தினக் கட்டத்தில் மட்டும் ஒட்டாதீர்கள். மாத நிலைச் செலவு: வாடகை 9,000, சம்பளம், சிபிஎஃப், வெளிநாட்டு ஊழியர் தீர்வை சேர்த்து 21,000, மின்சாரம் தண்ணீர் 3,000, மற்றவை 2,000. மொத்தம் 35,000. விற்கும் நூறு வெள்ளியில் உணவுக்கு 33, கேஸ், டப்பா, கார்டுக் கட்டணத்துக்கு 7 போனால் நிற்பது 60. எனவே 35,000ஐ 0.60 ஆல் வகுக்க, மாதம் 58,333 வெள்ளி விற்றால் கை கடிக்காது. நாளுக்குச் சுமார் 1,944.

அந்த எண்ணைச் சுவரில் ஒட்டினால் திங்கள் முதல் வியாழன் வரை தினமும் தோல்விதான், வெள்ளி முதல் ஞாயிறு வரை மட்டும் கொண்டாட்டம். கடையோ நன்றாகத்தான் ஓடுகிறது. அதையே வாரத்துக்கு மாற்றினால் சுமார் 13,460 வெள்ளி. நம் கடை 15,600 விற்கிறது, 2,100க்கு மேல் இடைவெளி இருக்கிறது. இந்தக் கோடு வாரப் பட்டியலில்தான் பேசும்.

உணவுச் செலவை ஏன் அவ்வளவு நேரம் பேசினேன் என்பதும் இங்கே தெரியும். மாத விற்பனை 67,600. நூற்றுக்கு 60 நின்றால் லாபம் 5,560. உணவு 36 ஆகி 57 மட்டுமே நின்றால் 3,532. விற்பனை ஒரு வெள்ளி குறையாமல் லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

பேங்க்ல 38,000 இருக்கு. நீங்க லாபம் அஞ்சாயிரம்னு சொல்றீங்க?

அதில் பாதிக்கு மேல் உங்கள் பணம் இல்லை. சரக்குக் கடைக்காரர்களுக்குக் கடன் பாக்கி 11,500, ஒன்றாம் தேதி வாடகை 9,000, சிபிஎஃப் 4,200, வெளிநாட்டு ஊழியர் தீர்வை 2,000. கழித்தால் 11,300. மாதம் ஒருமுறை இந்தக் கழித்தலைப் போட்டு, கடைசித் தொகையை மட்டும் தாளில் பெரிதாகக் காட்டுங்கள். மேசை நாற்காலி வாங்கலாமா என்று கேட்க வேண்டியது அந்த எண்ணிடம்.

எந்தத் தேதியில் கழித்தல் போடுகிறீர்கள் என்பது முக்கியம். சிபிஎஃப் மாதக் கடைசியில் கட்ட வேண்டியது, அடுத்த மாதம் 14ஆம் தேதி வரை அவகாசம் உண்டு. 13ஆம் தேதி பார்த்தால் பணக்காரர், 15ஆம் தேதி பார்த்தால் ஏழை. மாதா மாதம் ஒரே தேதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்க ஜிஎஸ்டி பதியல. அந்த எண்ணெல்லாம் எங்களுக்கு வேண்டாம்தானே?

பதியாதவர்களுக்குத்தான் ஒரு எண் கட்டாயம் வேண்டும்: கடந்த பன்னிரண்டு மாத மொத்த விற்பனை. வரி விதிக்கத்தக்க விற்பனை ஒரு நாட்காட்டி ஆண்டில் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் பதிய வேண்டும். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் தாண்டும் என்று உறுதியாகத் தெரிந்தாலும் பதிய வேண்டும், உதாரணமாக பெரிய கேட்டரிங் ஒப்பந்தம் கையெழுத்தானால்.

டெலிவரி பதிலில் கைக்கு வந்த தொகையை எழுதச் சொன்னேன். இந்த ஒரு எண்ணுக்கு அது உதவாது, கமிஷன் கழிப்பதற்கு முந்தைய தொகை வேண்டும். நம் கடையின் வார விற்பனையில் டெலிவரி 2,100 என்றால் அது உண்மையில் 3,000 வெள்ளி விற்பனை. ஆண்டுக்கு 8,11,200 என்று தெரிவது 8,58,000 ஆகிறது. ஒன்பது லட்சத்தைத் தொட்டதும் கணக்காளரிடம் பேசுங்கள்.

பதிந்தவர்களுக்கு வேறு கவனம். 2024 தொடக்கத்திலிருந்து வரி 9 விழுக்காடு. வரி சேர்த்த விலை 10.90 என்றால் அதில் 90 காசு உங்களுடையது அல்ல. தாளில் விற்பனையை வரி நீக்கியே எழுதுங்கள்:

```
=B2*100/109
```

இல்லையென்றால் உணவுச் செலவு விழுக்காடு உண்மையைவிட அழகாகத் தெரியும்.

தீபாவளி மாசத்தைப் போன வருஷத்தோட ஒப்பிட்டா ஒண்ணும் புரியலையே?

தீபாவளி நகர்கிறது. 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. அக்டோபரை அக்டோபரோடு வைத்தால் ஒரு வருடம் கூட்டம் முழுக்க அதற்குள், இன்னொரு வருடம் பாதி வெளியே. தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரம் என்று தனியாக வெட்டி ஒப்பிடுங்கள். நான்கு வாரச் சராசரியும் அந்தக் காலத்தில் ஏமாற்றும். தீபாவளி முடிந்த நான்கு வாரத்துக்கு எல்லாமே சரிவாகத்தான் தெரியும், அந்த வரிகளுக்கு நிறம் போட்டு வையுங்கள். இனிப்புக்கு வாங்கிய முன்பணத்தை, இனிப்பைக் கொடுக்கும் நாள் வரை விற்பனையில் சேர்க்க வேண்டாம்.

கொட்டினதை எழுதச் சொன்னேன். ரெண்டு வாரமா தாள் காலியாவே இருக்கு. நல்லதுதானே?

எழுதியவரைத் திட்டினீர்களா? பெரும்பாலும் அதுதான். குப்பைத் தாள் காலி, உணவுச் செலவு மட்டும் 36லேயே நிற்கிறது என்றால் கொட்டுவது நிற்கவில்லை, எழுதுவது நின்றிருக்கிறது. ஒரு எண்ணைக் கையால் எழுதுபவரே அதற்காகத் திட்டு வாங்குபவராகவும் இருந்தால் அந்த எண் சீக்கிரம் செத்துவிடும். வேறு வழியில் சரிபார்க்க முடிகிற எண்ணை மட்டும் கண்டிப்புக்குப் பயன்படுத்துங்கள். குப்பைத் தாளை, நாளைக்கு எவ்வளவு சாம்பார் வைப்பது என்று முடிவு செய்வதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுள் நட்சத்திரம், ஃபேஸ்புக் லைக் இதெல்லாமும் சேர்த்தா என்ன?

அந்த எண் இறங்கினால் மறுநாள் காலை என்ன செய்வீர்கள்? பதில் இருந்தால் சேருங்கள். விமர்சனங்களைப் படிப்பதில் பயன் உண்டு, 4.3 ஆ 4.4 ஆ என்று பார்ப்பதில் எனக்குத் தெரிந்து யாரும் எதையும் மாற்றவில்லை.

தற்காலிக எண்கள் சேர்ப்பதில் தவறில்லை. பிரியாணித் தட்டு 180 கிராம் ஆன கடையில், தினமும் ஐந்து தட்டை நிறுத்துச் சராசரியை எழுத ஒரு கட்டம் திறக்கலாம். கட்டத்தின் தலைப்பிலேயே முடியும் தேதியையும் எழுதிவிடுங்கள், நான்கு வாரம் என்று. அதற்குள் 150க்கும் 155க்கும் நடுவில் நின்றுவிட்டால் கட்டத்தை அழித்துவிடலாம், உணவுச் செலவு எண்ணே அதைக் கவனித்துக்கொள்ளும். நிற்கவில்லை என்றால் கட்டத்தை நீட்டுவதைவிட 150 கிராம் மட்டுமே பிடிக்கும் கரண்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள்.